ஸ்ட்ரீக் உடைந்தால் பூச்சியம்: பிள்ளைகளின் செயலியை வரைகிறவருக்கு என்ன பொறுப்பு?

கேள்வி: நான் திருகோணமலை, உப்புவெளி. கம்பஸ் முடித்துவிட்டு கொழும்புக் கம்பனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே டிசைனராக வேலை செய்கிறேன். 13 முதல் 17 வயதுப் பிள்ளைகள் சின்ன வீடியோ எடுத்து நண்பர்களுக்கு அனுப்பும் செயலி. இப்போது அதற்கு ஸ்ட்ரீக், அதாவது நாள் தவறாமல் அனுப்பினால் ஏறிக்கொண்டே போகிற நாள் எண், வரையச் சொல்கிறார்கள். தரம் 9 படிக்கும் என் தம்பி வேறொரு செயலியில் ஸ்ட்ரீக் உடைந்துவிடும் என்று இரவு பன்னிரண்டுக்கு முன் அம்மாவின் போனைத் தேடி எழும்புகிறான். "அதெல்லாம் தாய் தகப்பன் பார்க்க வேண்டியது" என்கிறார் மனேஜர். வரைகிறவருக்கு இதில் பொறுப்பு இருக்கிறதா? இருந்தால் எவ்வளவு?

பதில்:

இருக்கிறது, தங்கச்சி. முழுப் பொறுப்பும் உங்கள் தலையில் என்று சொல்லமாட்டேன். ஆனால் உங்கள் தம்பியை நடுச்சாமத்தில் எழுப்புவது எது என்று உங்களுக்குத் தெரிகிற அளவுக்கு உங்கள் அம்மாவுக்குத் தெரிய வழியில்லை. ஸ்ட்ரீக்கின் உள்ளே என்ன இருக்கிறது, அதில் எந்தத் துண்டு பிள்ளையைப் பிடித்து வைக்கிறது, எதைக் கழற்றினால் என்ன ஆகும் என்பதெல்லாம் வரைகிறவரின் மேசையில் இருக்கிற விசயங்கள். எவ்வளவு தெரிகிறதோ, எவ்வளவு மாற்ற முடிகிறதோ, அவ்வளவுக்குப் பொறுப்பும் வரும். சமூக ஊடகம் முழுவதையும் பற்றிக் கதைக்கப் போனால் பொதுவாகப் புலம்பத்தான் முடியும். அதனால் நீங்கள் கேட்ட ஸ்ட்ரீக்கையே எடுத்து வடிவாகப் பார்ப்போம்.

இதைப் பரவலாக்கியது ஸ்னப்சட் என்ற செயலி. விதி இதுதான். இரண்டு நண்பர்கள் 24 மணித்தியாலத்துக்குள் ஒருவருக்கொருவர் ஒரு படமோ வீடியோவோ அனுப்ப வேண்டும். எழுத்தில் கதைத்தால் கணக்கில் சேராது. மூன்று நாள் தொடர்ந்தால் நண்பரின் பெயருக்குப் பக்கத்தில் நெருப்புச் சின்னமும் நாள் எண்ணும் வரும். நேரம் முடியப் போகிறது என்றால் அதே இடத்தில் மணற்கடிகாரம் தோன்றும். இருவரில் ஒருவர் அனுப்பாமல் விட்டாலும் இருவருடைய எண்ணும் போய்விடும். 300 நாள் சேர்த்திருந்தாலும் அப்படித்தான்.

இந்த விதியை வைத்துப் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்பதை நான் அக்காவின் மகளிடம் கிட்டத்தில் பார்த்திருக்கிறேன். லிங்கநகரில் இருக்கிறாள், ஓ.எல். எடுக்கப் போகிற பிள்ளை. கட்டிலில் படுத்தபடி மேலே சுழல்கிற காற்றாடியைப் படம் எடுப்பாள். படம் மங்கலாக இருந்தாலும் கவலையில்லை. அந்த ஒரே படத்தைப் பட்டியலில் இருக்கிற எல்லோருக்கும் தட்டிவிட்டு போனைக் கவிழ்த்து வைப்பாள். எதிர்ப்பக்கத்திலிருந்து வருவதும் ஒரு சுவர், ஒரு போர்வை மூலை, சிலவேளை வெறும் கறுப்பு. படத்தில் ஒரு சொல்லும் இருக்காது. கார்த்திகை மழைக்குக் கரன்ட் போய் போனில் சார்ஜ் இறங்கிக்கொண்டிருந்த ஒருநாள், தன் கணக்கின் கடவுச்சொல்லைக் கொழும்பில் இருக்கிற சிநேகிதிக்குக் கொடுத்து, "எனக்குப் பதிலா நீ அனுப்பிவிடு" என்றாள். ஸ்ட்ரீக் உடையாமல் இருக்கக் கடவுச்சொல்லை மற்றவரிடம் கொடுப்பது இவள் ஒருத்தி கண்டுபிடித்த வேலை இல்லை. பல நாடுகளில் பதின்வயதுப் பிள்ளைகள் செய்வதாக முன்பே எழுதப்பட்டிருக்கிறது. நட்பை வளர்க்க வைத்த விளையாட்டு, அந்த நண்பர் இல்லாமலேயே நடக்கிற வேலையாகிவிட்டது.

இதில் மூன்று பிடிகள் இருக்கின்றன. உங்கள் வேலைக்கு இவற்றைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்ப்பதுதான் முக்கியம்.

முதலாவது பிடி, பூச்சியம். கையில் இருப்பதை இழப்பது, அதே அளவைப் பெறுவதைவிட மனிதருக்குக் கூடுதலாக வலிக்கும். டானியல் கானமன், ஏமஸ் ட்வெர்ஸ்கி என்ற இரு உளவியலாளர்கள் 1979இல் இதை ஒரு கோட்பாடாகவே எழுதினார்கள். பிற்பாடு அவர்கள் செய்த அளவீட்டில் இழப்பின் பாரம் பெறுவதைவிட ஏறக்குறைய இரண்டு மடங்காக வந்தது. முதல் வாரம் ஸ்ட்ரீக் ஒரு பரிசு மாதிரித் தெரியும். நூறாவது நாளில் அது காவல் காக்க வேண்டிய சொத்து. எண் ஏற ஏற மகிழ்ச்சி அதே வேகத்தில் ஏறாது, பயம் ஏறும். ஸ்னப்சட் இப்போது உடைந்த ஸ்ட்ரீக்கைக் காசு கட்டி மீட்டெடுக்கவும் வழி வைத்திருக்கிறது. இழப்பை உண்டாக்குகிற விதியை எழுதியவரே அந்த இழப்புக்கு மருந்தும் விற்பதை, வாங்குபவர் 14 வயதாக இருக்கும்போது, நான் எந்த வகையிலும் நியாயப்படுத்த மாட்டேன்.

இரண்டாவது பிடி, இன்னொரு பிள்ளை. எண் இருவருக்கும் பொதுவானது. ஆகவே நீங்கள் நிறுத்தினால் உங்களுடையது மட்டும் போவதில்லை, சிநேகிதியுடையதையும் நீங்கள் உடைத்தவராகிறீர்கள். வளர்ந்தவர் ஒருவருக்கு இது சின்ன விசயம். 13, 14 வயதில் நண்பர்கள் தன்னைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்பதுதான் உலகம். அந்த வயதில் மற்றவரின் மதிப்பீட்டுக்கு மனம் மிகக் கூர்மையாக இருக்கும். தன்னைத் தானே நிறுத்திக்கொள்கிற திறனோ இருபதுகளின் நடுப்பகுதி வரைக்கும் வளர்ந்துகொண்டுதான் இருக்கும். "விருப்பமில்லாவிட்டால் விட்டுவிடலாமே" என்ற வாதம் இந்த இடத்தில் வழுக்கி விழுகிறது. விடுவதற்கான விலையை நட்பில் கட்டும்படிதான் வரைந்திருக்கிறது.

மூன்றாவது பிடி, மணிக்கூடு. மணற்கடிகாரமும் "இன்னும் சில மணித்தியாலம்தான்" என்ற நோட்டிபிகேசனும் சேர்ந்து, பிள்ளை நினைக்காத நேரத்தில் அவளுக்கு நினைப்பூட்டுகின்றன. நள்ளிரவில் நாள் மாறுகிற மாதிரிச் செயலியை எழுதினால் அந்த அவசரம் முழுவதும் படுக்கை நேரத்தில் வந்து குவியும். அப்படி எழுதவேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. நிரல் எழுதுகிறவர் பழக்கத்தில் நாளை நள்ளிரவில் வெட்டுகிறார், வேறு நேரம் வைப்போமா என்று யாரும் கேட்பதில்லை.

இப்போது உங்கள் மனேஜரின் மேசைக்கு வருவோம். அவர் கெட்டவர் என்று நான் நினைக்கவில்லை. அவருக்கு முன்னால் இருக்கிற டாஷ்போர்டில் தினமும் எத்தனை பேர் திறந்தார்கள் என்ற எண் இருக்கிறது, அது ஏற வேண்டும். ஸ்ட்ரீக் போட்டால் அது ஏறும், சந்தேகமே இல்லை. கஷ்டம் என்னவென்றால், ஆசைப்பட்டுத் திறந்த பிள்ளையும் பயந்து திறந்த பிள்ளையும் அந்த எண்ணில் ஒரே மாதிரி ஒன்று, ஒன்று என்றுதான் கூடுவார்கள். பிரித்துக் காட்டாத எண்ணைப் பார்த்து முடிவெடுக்கிறவருக்குத் தான் என்ன செய்கிறோம் என்பது தெரியவே தெரியாது. பிரித்துக் காட்ட முடிந்தவர்களில் நீங்களும் ஒருவர்.

கணக்குக்காக இப்படி வைத்துக்கொள்வோம். இவை நான் கற்பனையாகப் போடுகிற எண்கள். ஆயிரம் பிள்ளைகளில் முன்பு நாளுக்கு 400 பேர் திறந்தார்கள், ஸ்ட்ரீக் வந்தபின் 520 பேர். கூட்டத்தில் 120 கூடியது என்று கைதட்டுவார்கள். அந்த 120ஐ எடுத்து, எந்த மணிக்குத் திறந்தார்கள், எதனால் திறந்தார்கள், எவ்வளவு நேரம் இருந்தார்கள் என்று பாருங்கள். அதில் 70 பேர் இரவு பத்தரைக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில், நோட்டிபிகேசனைத் தட்டி உள்ளே வந்து, ஒரு படத்தை எல்லோருக்கும் அனுப்பிவிட்டு, இருபது செக்கனுக்குள் வெளியே போயிருந்தால், அந்த 70 பேருக்கு உங்கள் செயலி பிடித்திருக்கிறது என்று சொல்ல முடியாது. அவர்கள் காற்றாடியைப் படம் எடுத்த பிள்ளைகள். உண்மையாகக் கூடியது 50தான்.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. மணித்தியாலவாரியாக ஒரு வரைபடம் போட்டால் போதும். சாதாரணமாகப் பாடசாலைப் பிள்ளைகளின் பாவனை இரவு பத்துக்குப் பிறகு சரிந்துகொண்டு போக வேண்டும். நாள் மாறுகிற நேரத்துக்குச் சற்று முன்னால் அந்தச் சரிவில் ஒரு திமில் எழும்பியிருந்தால் அது காலக்கெடுவின் வேலை. கெடுவை வேறு நேரத்துக்கு மாற்றிப் பாருங்கள், திமிலும் கூடவே நகர்ந்தால் சந்தேகத்துக்கே இடமில்லை. இன்னொரு அடையாளமும் உண்டு: நீண்ட ஸ்ட்ரீக் உடைந்த பிள்ளைகளில் எத்தனை பேர் அதற்குப் பிறகு செயலியைத் திறக்கவே இல்லை என்று பாருங்கள். உடைந்ததும் பெருந்தொகையாகப் போய்விட்டால், அவர்களை அதுவரை வைத்திருந்தது செயலியின் நயம் இல்லை, அந்த எண்தான்.

எண்ணைத் தவறாகத் தெரிவு செய்தால் நல்ல நோக்கத்தோடு செய்ததும் எப்படிப் பொய்யாகும் என்பதற்கு ஒரு கதை உண்டு. டிக்டொக் 2023 மார்ச்சில், 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு நாளுக்கு 60 நிமிட வரம்பைத் தானாகவே போட்டு வைப்பதாக அறிவித்தது. பத்திரிகைகளில் நல்ல பெயர் கிடைத்தது. ஆனால் 60 நிமிடம் முடிந்ததும் பிள்ளையே ஒரு இலக்கத்தை அடித்துத் தொடர்ந்து பார்க்கலாம். அமெரிக்காவில் கென்டக்கி மாநிலம் தொடுத்த வழக்கின் ஆவணங்களில் மறைத்து வைத்திருந்த பகுதிகள் 2024 ஒக்டோபரில் வெளியே தெரியவந்தன. கம்பனியின் சொந்தச் சோதனையில், பதின்வயதினரின் நாளாந்தப் பாவனை 108.5 நிமிடத்திலிருந்து 107 நிமிடத்துக்கு இறங்கியது. ஒன்றரை நிமிடம். அதே ஆவணங்களின்படி, அந்தக் கருவி வெற்றியா என்று பார்க்க அவர்கள் வைத்திருந்த அளவுகோல், ஊடகங்கள் வழியாக மக்களின் நம்பிக்கை எவ்வளவு கூடியது என்பதே. பிள்ளைகளின் நேரம் எவ்வளவு குறைந்தது என்பது அளவுகோலாகவே இருக்கவில்லை. அந்தத் திரையை வரைந்தவர் நிச்சயமாகத் திறமையானவர். அந்த வரம்பு என்ன செய்தது என்பதும் உள்ளே இருந்தவர்களுக்குத் தெரிந்தே இருந்தது. வெளியே இருந்த எந்தத் தாய்க்கும் தெரியாது.

"தாய் தகப்பன் பார்க்க வேண்டியது" என்ற பேச்சை இனி எடுப்போம். பார்க்கத்தான் வேண்டும், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் நம் ஊரில் பார்ப்பது என்றால் என்ன என்று மனேஜருக்கு யாராவது சொல்ல வேண்டும். தாய் குவைத்திலோ கட்டாரிலோ வேலை செய்ய, அம்மம்மாவோடு இருக்கிற பிள்ளைகள் கிண்ணியாவிலும் மூதூரிலும் நகருக்குள்ளும் எத்தனையோ பேர். பெற்றோர் கட்டுப்பாடு என்று செயலிகள் தருவதைப் போட, பெரியவரிடம் இன்னொரு ஸ்மார்ட்போனும், அதே செயலியில் ஒரு கணக்கும், செட்டிங்ஸுக்குள்ளே நாலைந்து படி உள்ளே போய்த் தேடுகிற பழக்கமும் இருக்க வேண்டும். செல்வநாயகபுரத்தில் இருக்கிற ஒரு அம்மம்மா அதைச் செய்வார் என்று எதிர்பார்த்து வரைந்தால், அது நடக்காது என்று தெரிந்துகொண்டே வரைவதுதான்.

டேட்டாவையும் பாருங்கள். சமூக ஊடகத்துக்கென்றே தனிப் பக்கேஜ்கள் இங்கே விற்கிறார்கள். வீட்டு இணைப்புகளில் நள்ளிரவு தாண்டினால் பாவிக்கவென்று தனி டேட்டா வருகிறது. முன்பெல்லாம் "டேட்டா முடிந்தது" என்பதே ஒரு பிள்ளைக்குத் தானாக வந்த நிறுத்தம். அதுவும் போய்விட்டது. நிறுத்தம் வேறெங்கும் இல்லாதபோது செயலிக்குள்ளேயே ஒன்று இருக்கிறதா என்ற கேள்வி இன்னும் பெரிதாகிறது.

வயதைப் பற்றியும் ஒன்று. "18க்குக் குறைந்தவருக்கு மட்டும் பாதுகாப்பு" என்று வரைந்தால், பிறந்த ஆண்டை 1998 என்று போட்டு மச்சானோ மச்சாளோ திறந்து கொடுத்த கணக்குகளுக்கு அது போய்ச் சேராது. அப்படியான கணக்குகள்தான் இங்கே அதிகம் என்று உங்களுக்கே தெரிந்திருக்கும். உங்கள் செயலி பிள்ளைகளுக்கென்றே செய்வதால், பாதுகாப்பான நிலையை எல்லோருக்கும் டிபோல்ட்டாக வையுங்கள். செட்டிங்ஸை மாற்றுகிறவர்கள் எப்போதும் சிலர்தான். அதனால் டிபோல்ட்டாக நீங்கள் எதை வைக்கிறீர்களோ அதுவே பெரும்பாலான பிள்ளைகளுக்கு விதியாகிவிடும்.

"நாங்கள் வெறும் கருவி செய்கிறோம், விளைவு எங்களுக்குத் தெரியாது" என்று இந்தத் துறையில் இனி யாரும் சொல்ல முடியாது. முடிவில்லாமல் உருண்டுகொண்டே போகிற பக்கத்தை 2006இல் வடிவமைத்த ஏசா ராஸ்கின், பிற்காலத்தில் அதற்காக வெளிப்படையாக வருந்தினார். பேஸ்புக்கின் முதல் தலைவராக இருந்த ஷோன் பார்க்கர், மக்களின் நேரத்தையும் கவனத்தையும் எவ்வளவு கூடுதலாக எடுக்கலாம் என்ற கேள்வியோடுதான் அந்தச் செயலிகள் கட்டப்பட்டன என்றும், மனித மனதின் ஒரு பலவீனத்தைத் தெரிந்துகொண்டே பயன்படுத்தினோம் என்றும் 2017 நவம்பரில் ஒத்துக்கொண்டார். இவர்கள் தெரியாமல் தொடங்கினார்களோ தெரிந்து தொடங்கினார்களோ, நீங்களும் நானும் அவர்களுக்குப் பிறகு வந்தவர்கள். விளைவு முன்கூட்டியே தெரிகிற ஒன்றைச் செய்கிறவருக்குப் பொறுப்பு உண்டு என்பது எந்தத் தொழிலுக்கும் பொது. பாலம் கட்டுகிற பொறியியலாளருக்கு அதற்கென்று ஒரு சங்கமும் ஒழுங்கு விதியும் இருக்கின்றன. செயலி வரைகிறவருக்கு அப்படிக் கட்டாயமான ஒன்று இல்லை, அதனால்தான் ஒவ்வொருவரும் தன்னிடமே கேட்க வேண்டியிருக்கிறது.

மனேஜரோடு கதைக்கும்போது கூட்டிச் சொல்லிவிடாதீர்கள். ஸ்ட்ரீக் பிள்ளைகளுக்கு மனநோய் கொடுக்கிறது என்று நீங்கள் சொன்னால் அவர் ஆதாரம் கேட்பார், உங்களால் கொடுக்க முடியாது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் வீடியோ விளையாட்டுக் கோளாறு இருக்கிறது, சமூக ஊடகத்துக்கு அப்படி ஒரு பெயர் இல்லை. ஏமி ஓர்பன், அன்ட்ரூ பிரிசிபில்ஸ்கி என்ற ஆய்வாளர்கள் இருவரும் 2019இல் பெருந்தொகையான பதின்வயதினரின் தரவுகளை ஆராய்ந்தபோது, அவர்களின் நலத்தில் காணப்படும் வேறுபாட்டில் 0.4 வீதத்துக்கு மேல் டிஜிட்டல் பாவனையோடு பொருந்தவில்லை. வேறு ஆய்வாளர்கள் இதை மறுக்கிறார்கள், சராசரி சிலரின் பெரிய பாதிப்பை மறைத்துவிடும் என்கிறார்கள். அந்த விவாதம் முடியவில்லை. உங்களுக்கு அது முடியும்வரை காத்திருக்கத் தேவையும் இல்லை. நித்திரை நேரத்தில் பிள்ளையை உங்கள் செயலி எழுப்புகிறதா இல்லையா என்பது உங்கள் சொந்த சேர்வரிலேயே பதிவாகிறது. அதைச் சொல்லுங்கள், அதை மட்டும் சொல்லுங்கள்.

சரி, எதை வரைவது? நாள்தோறும் பழகுவதைக் காட்டுவது தவறே இல்லை. தன் முயற்சி கூடுவதைப் பார்க்கப் பிள்ளைக்குச் சந்தோசம்தான், வீடியோ எடுத்துப் பழகுகிற பிள்ளைக்கு அது உதவியும் செய்யும். கழற்ற வேண்டியது அந்த மூன்று பிடிகளை மட்டுமே.

பூச்சியத்துக்குப் பதில், வாரத்துக்கு ஏழு கட்டங்கள் வையுங்கள். அதில் நாலு நிறைந்தால் அந்த வாரம் நிறைந்தது. மழைக்குக் கரன்ட் போன நாளும், கோணேசர் கோயில் திருவிழாவுக்குப் போன நாளும், சோதனைக்குப் படித்த நாளும் அந்த மூன்று வெற்றுக் கட்டங்களுக்குள் அடங்கிவிடும். மேலே "இதுவரை 43 நாள்" என்று மொத்தம் மட்டும் இருக்கட்டும், அது கூடும், எக்காலத்திலும் குறையாது. இந்த எண்ணை அந்தப் பிள்ளைக்கு மட்டும் காட்டுங்கள், நண்பருக்கு வேண்டாம். இருவருக்கும் பொதுவான எதையாவது வைத்தே ஆகவேண்டும் என்றால், சேர்ந்து செய்த வீடியோக்களை எண்ணுங்கள். ஒருவர் வராவிட்டால் எண் ஏறாது, அவ்வளவுதான். யாரும் எதையும் இழக்கமாட்டார்கள்.

மணற்கடிகாரம் வேண்டவே வேண்டாம். நினைப்பூட்டல் நாளுக்கு ஒன்று, அதுவும் பிள்ளை தானே தெரிவு செய்த நேரத்தில். தெரிவு செய்யாவிட்டால் நினைப்பூட்டலே இல்லை. இரவு ஒன்பதுக்குப் பிறகு எதுவும் போகக்கூடாது. இந்த ஒன்பதை நான் சும்மா போடவில்லை. பிரித்தானியா 18 வயதுக்குட்பட்டோர் பாவிக்கும் இணைய சேவைகளுக்கு 15 விதிகள் கொண்ட ஒரு வடிவமைப்புக் கோவையைக் கொண்டுவந்தது, அதற்கு இணங்குவதற்கான அவகாசம் 2021 செப்டெம்பர் 2இல் முடிந்தது. அதற்கு முந்திய மாதத்தில், டிக்டொக் 13 முதல் 15 வயதுள்ளோருக்கு இரவு ஒன்பதுக்குப் பிறகும், 16, 17 வயதுள்ளோருக்குப் பத்துக்குப் பிறகும் நோட்டிபிகேசன் அனுப்புவதை நிறுத்துவதாக அறிவித்தது. யூடியூப் 18க்குக் குறைந்தவர்களுக்கு அடுத்த வீடியோ தானாக ஓடுவதை டிபோல்ட்டாக நிறுத்துவதாகச் சொன்னது. கேட்க ஒருவர் இருந்தபோது, இவை ஒரே மாதத்தில் அறிவிக்கப்பட்டன. நம் நாட்டில் 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம், இணையத்தில் யார் என்ன சொல்கிறார்கள் என்பதைப் பற்றியது. செயலி எப்படி வரையப்பட்டிருக்கிறது என்று அது கேட்பதில்லை. ஆகவே இங்கே உங்களைக் கேட்க வெளியிலிருந்து யாரும் வரமாட்டார்கள்.

இந்த வடிவத்தை மனேஜர் உடனே ஏற்கமாட்டார், எண் குறைவாக ஏறும் என்பார். குறைவாகத்தான் ஏறும், அதை ஒளிக்காமல் சொல்லுங்கள். பிறகு ஏ/பி டெஸ்ட் ஒன்று கேளுங்கள். ஒரு குழுவுக்கு அவர் கேட்ட ஸ்ட்ரீக், இன்னொரு குழுவுக்கு உங்கள் வாரக் கட்டம், மூன்றாவது குழுவுக்கு எதுவுமே இல்லை. ஒரு மாதம் ஓடட்டும். இரண்டு வாரம் போதாது, ஸ்ட்ரீக்கின் பயம் எண் பெருத்த பிறகுதான் வேலை செய்யத் தொடங்கும். அவர் பார்க்கிற தினசரி எண்ணுக்குப் பக்கத்தில் மூன்றை மட்டும் சேருங்கள்: இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை திறந்தவர் எத்தனை, முப்பது செக்கனுக்குள் மூடியவை எத்தனை, வாரத்துக்கு ஒருமுறை "நேற்று இதைத் திறந்தது விருப்பப்பட்டா, திறக்க வேண்டியிருந்ததாலா?" என்று கேட்டதற்கு வந்த விடை என்ன. மிக முக்கியமாக, டெஸ்ட் தொடங்க முன்னமே, இரவுத் திறப்பு எந்த அளவைத் தாண்டினால் அந்த வடிவத்தை நிறுத்துவது என்று எழுதி, அவரின் சம்மதத்தையும் வாங்கிவிடுங்கள். ஏறிய எண்ணைக் கண்ட பிறகு அப்படி ஒரு கோட்டைப் போட யாருக்கும் மனம் வராது.

உங்கள் பங்கு எவ்வளவு என்றும் கேட்டீர்கள். முடிவெடுப்பவரும், காசு போட்டவரும், நிரல் எழுதுபவரும் உங்களோடு பங்காளிகள். அவர்களில் அதிகாரம் கூடியவருக்குப் பங்கும் கூட. புதிதாக வேலைக்குச் சேர்ந்த உங்களை வேலையை விடச் சொல்லமாட்டேன். இந்த ஊரிலிருந்துகொண்டே இப்படி ஒரு வேலை கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். ஆனால் பலர் சேர்ந்து செய்வதால் ஒருவருக்கும் பொறுப்பில்லை என்று ஆகிவிடாது. உங்களிடமிருந்து எதிர்பார்க்கக்கூடியது இவ்வளவு: தெரிந்ததை எழுத்தில் சொல்வது, மாற்று வடிவத்தை முழுதாக வரைந்து கொடுப்பது, இரண்டையும் அளந்து பார்க்கக் கேட்பது. டிசைன் ஆவணத்திலேயே எழுதுங்கள்: "இந்த வடிவம் இரவு பத்துக்குப் பிறகு 13 முதல் 17 வயதுப் பிள்ளைகளைச் செயலிக்கு அழைக்கும். அதற்கான மாற்று, பக்கம் நாலில்." அப்படி எழுதிய வரிக்குக் கீழே கையெழுத்துப் போட வருகிறவர் ஒருமுறை நின்று யோசிப்பார். அதன் பிறகும் அவர்கள் பூச்சியத்தையும் மணற்கடிகாரத்தையும் வைத்து, உடைந்ததை மீட்கக் காசும் கேட்டால், அந்தக் காசுத் திரையை நான் வரையமாட்டேன் என்று சொல்லலாம். அந்த ஒரு திரைக்காக உங்களை வேலையிலிருந்து அனுப்புகிற இடம், இன்னொரு காரணத்துக்காகப் பிறகு எப்படியும் அனுப்பும் என்பது என் எண்ணம்.

தம்பியின் விசயத்துக்கு இதே பிரிப்பு உதவும். போனைப் பறித்தால் உடைத்த பழி அவன் மேல் விழும், அவன் பயப்படுவதும் அதற்குத்தான். யார் யாரோடு ஸ்ட்ரீக் வைத்திருக்கிறான் என்று ஆறுதலாகக் கேளுங்கள். அவர்களில் ரியூசனுக்குக் கூடப் போகிற இரண்டு மூன்று பேராவது இருப்பார்கள். பெரும்பாலும் அவர்களும் களைத்துத்தான் போயிருப்பார்கள், யார் முதலில் விடுவது என்பதில்தான் எல்லோரும் நிற்பார்கள். ஒரு வெள்ளிக்கிழமை எல்லோரும் ஒன்றாக விட்டுவிடுவது என்று அவர்களுக்குள்ளேயே பேசி முடிக்கட்டும். எண்ணை ஸ்கிரீன்ஷொட் எடுத்து வைத்துக்கொள்ளட்டும், சேர்த்தது வீண் போன மாதிரி இருக்காது. அன்று மாலையே அம்மாவின் போனில் அந்தச் செயலியின் நோட்டிபிகேசனை நிறுத்திவிடுங்கள். செயலியை அழிக்க வேண்டாம், அழித்தால் நண்பர்களோடு கதைக்கவும் வழியில்லாமல் போகும். முதல் சில இரவு அவன் பழக்கத்தில் எழும்பக்கூடும். எழும்பினால் ஏசாதீர்கள்.